மீட்டிங்கில் உறைந்து நின்ற நான்

வீடியோ மீட்டிங்கில் எல்லோரும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு மட்டும் நான் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தேன். 100 எம்பிபிஎஸ் பிளான்தானே என்று சோதித்தால் டவுன்லோட் 96, அப்லோட் வெறும் 4.

என் இணைப்பு கேபிள் டிவி ஒயரில் வருகிறது. சேனல்களை வீட்டுக்குள் அனுப்பவே போட்ட ஒயர். அதனால் அலைவரிசையில் பெரும்பங்கு உள்ளே வருவதற்கு. வெளியே போக ஒரு கீற்றுதான்.

சரி, வீடியோ காலுக்கு 2 போதுமே? அந்த நாலையும் மனைவியின் போன் போட்டோ பேக்கப்பில் விழுங்கிக்கொண்டிருந்தது (ஊர்த் திருவிழா வீடியோக்கள் வேறு). நிறுத்தியதும் என் முகம் அசைந்தது.

இப்போது சார்ஜ் ஏறும்போது மட்டும் பேக்கப். அப்புறம், ரூட்டரில் எது முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் QoS அமைப்புக்குப் போய் அப்லோட் உச்சத்தை 3.5 என்று வைத்து, காலுக்கு முன்னுரிமை கொடுத்தேன். அதனால் மோடத்தில் டேட்டா வரிசைகட்டித் தேங்குவதில்லை. அந்த 4 மட்டும் அப்படியேதான் இருக்கிறது.