ஒரு மாத ஜிஎஸ்டி இன்புட் கணக்கு: பெங்களூர் எலெக்ட்ரிகல் கடை ஒன்றை வைத்து

சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டுவதுதான் இன்புட். பில் கையில் இருந்தால் கழித்துக்கொள்ளலாம் என்று புதிதாகக் கடை போட்டவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பில் மட்டும் போதாது. விற்றவர் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் காட்டும் பட்டியல்தான் GSTR-2B. அந்த பில் உங்கள் 2B-யில் வந்திருக்க வேண்டும்.

பெங்களூர் அல்சூரில் ஒயர், சுவிட்ச் விற்கும் நம்மூர் அண்ணாச்சி ஒருவரின் ஜனவரி மாதத்தை எடுத்துக்கொள்வோம். கடை கற்பனைதான், விதிகள் நிஜம். அவர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர். கம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இன்புட்டே கிடையாது, இந்தக் கணக்கும் தேவைப்படாது.

மாதம் முழுக்க: பில் வாங்குவது

பி.வி.கே. ஐயங்கார் ரோடு மொத்தக் கடையில் 1,00,000 ரூபாய்க்கு வாங்கினார். வரி 18 சதவீதம். ஒரே மாநிலம் என்பதால் அது சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று பிரிந்தது. சென்னையிலிருந்து 80,000 ரூபாய்க்கு ஒயர் வந்தது. வேறு மாநிலம், எனவே ஐஜிஎஸ்டி 14,400. கடை வாடகை 20,000. கட்டட உரிமையாளரும் ஜிஎஸ்டி பதிவு செய்தவர், 1,800 + 1,800 போட்டு பில் கொடுத்தார்.

ஒவ்வொரு பில்லிலும் உங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். கர்நாடகப் பதிவு என்றால் 29-ல் தொடங்கும். எண் இல்லாமல் பில் போட்டால் அது சாதாரண வாடிக்கையாளர் விற்பனையாகப் போய்விடும், 2B-யில் வரவே வராது. சரக்கும் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜனவரி 30 பில்லுக்கு லாரி பிப்ரவரியில் வந்தால் இன்புட்டும் பிப்ரவரியில்தான்.

11-ஆம் தேதியும் 14-ஆம் தேதியும்

பிப்ரவரி 11-க்குள் அண்ணாச்சி தன் விற்பனையை GSTR-1-இல் ஏற்ற வேண்டும். ஜனவரியில் அவர் உள்ளூரில் விற்றது 2,00,000. வரி 18,000 + 18,000. வாங்கியதில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். விற்காத சரக்குக்கும் இன்புட் உண்டு.

14-ஆம் தேதி போர்ட்டலில் 2B வரும். பில் கட்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் எந்த பில் வராமல் போனது என்பது கடைக்காரருக்குத்தான் சட்டென்று தெரியும்.

அண்ணாச்சிக்கு ஐயங்கார் ரோடு பில் வந்துவிட்டது, சென்னை பில்லும் வந்துவிட்டது. வாடகை பில்லைக் காணோம். விசாரித்தால், உரிமையாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். அப்படிப்பட்டவர்கள் IFF என்ற வசதியில் அடுத்த மாதம் 13-க்குள் பில்லை ஏற்றலாம். அவர் ஏற்றவில்லை. ஆகவே இந்த 3,600 இந்த மாதம் இல்லை. பில்தான் இருக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்தினால், பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும்.

20-க்குள்: கழிப்பது

இனி மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான GSTR-3B. அதில் அட்டவணை 4-இல் இன்புட் தானாக நிரம்பியிருக்கும். கையில் உள்ளது ஐஜிஎஸ்டி 14,400, சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000. மொத்தம் 32,400. கட்ட வேண்டியது 36,000. அப்படியானால் 3,600 கட்டினால் போதும், சரிதானே?

பிரித்துக் கழித்தால்தான் சரி. ஐஜிஎஸ்டி இன்புட்டை முதலில் முழுக்கத் தீர்க்க வேண்டும், ஆனால் அதை சிஜிஎஸ்டிக்கு எவ்வளவு, எஸ்ஜிஎஸ்டிக்கு எவ்வளவு என்பது நம் விருப்பம். அண்ணாச்சி 14,400 முழுவதையும் சிஜிஎஸ்டியில் போட்டால், அங்கே இன்னும் 3,600 தான் தேவை. சிஜிஎஸ்டி இன்புட்டில் 5,400 மிஞ்சிவிடும். மிஞ்சியதை எஸ்ஜிஎஸ்டிக்குத் திருப்ப முடியாது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று கழியாது. எஸ்ஜிஎஸ்டிக்கு 9,000 ரொக்கமாகக் கட்ட நேரும். 5,400 போய்விடாது, லெட்ஜரில் அடுத்த மாதத்துக்கு நிற்கும், ஆனால் இன்று கைக்காசு முடங்கும்.

7,200 + 7,200 என்று பிரித்தால் இப்படி வரும்:

```
18,000 - 7,200 - 9,000 = 1,800
```

இரண்டு பக்கமும் 1,800. மொத்தம் 3,600-க்கு சலான் போட்டுக் கட்டிவிட்டு, 3B-யைத் தாக்கல் செய்ய வேண்டியதுதான். கவனித்தீர்களா, வாடகை பில் வந்திருந்தால் இந்த 3,600-உம் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்திருக்காது.

வராத பில்லை என்ன செய்வது

உரிமையாளர் ஜனவரி முதல் மார்ச் வரைக்கான GSTR-1-ஐ ஏப்ரல் 13-க்குள் போட்டால், மார்ச் மாத 2B-யில் வாடகை வரும். அப்போது எடுத்துக்கொள்ளலாம். போடாவிட்டால் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-தான் கடைசி நாள் (ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்த நாள்). அதற்குப் பிறகு அந்த 3,600 கடையின் செலவுதான்.