கல்யாணச் சமையலுக்கு ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்யாணங்களில் இலைக்கு இவ்வளவு என்று பேசிச் சமையலை ஒப்படைப்பது இப்போது பரவலாகிவிட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டரிங்காரர் ஒரு நாள் சாம்பிள் சமைத்துக் காட்டுகிறார். வீட்டார் ஏழெட்டுப் பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி விலையை முடித்துக்கொண்டு வருகிறார்கள். முகூர்த்த நாளில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாம்பார் நீர்த்திருந்தது, பாயசம் கட்டியாகிவிட்டது என்று சொல்லும்போது, சாம்பிளை ஒரு விதமாகவும் பந்தியை வேறு விதமாகவும் சமைத்துவிட்டார்கள் என்ற மனக்கசப்பு எழுகிறது. பெரும்பாலான இடங்களில் அதற்குக் காரணம் ஏமாற்று வேலை அல்ல. பத்துப் பேருக்குச் சமைத்து அடுப்பிலிருந்து இறக்கியவுடன் உண்ட உணவை வைத்து, எண்ணூறு பேருக்குச் சமைத்து மூன்று மணி நேரம் அண்டாவில் இருக்கப்போகும் உணவைத் தீர்மானித்ததுதான் காரணம்.

இதை ஒரு கணக்கோடு பார்ப்பது நல்லது. கிருஷ்ணகிரியில் வைகாசி மாதக் கல்யாணம் ஒன்றில் மதியச் சாப்பாடு 800 இலை என்றும், மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நேரத்தில் 200 பேர் உட்காரலாம் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு பந்தி ஆகும். பரிமாறி, உண்டு முடித்து, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிடம் பிடிக்கும். முதல் பந்தி 11.30 மணிக்குத் தொடங்கினால் நான்காவது பந்தி 1.30 மணிக்குத்தான் தொடங்கும். சாம்பாரை 10.30 மணிக்கு இறக்கியிருந்தால், நான்காவது பந்தியில் விழுவது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய சாம்பார். அந்த நேரத்தில் பருப்பு இறுகிக் குழம்பு கெட்டிப்படும். அதைத் தளர்த்த வெந்நீர் ஊற்றுவார்கள். உப்பும் புளிப்பும் அந்த அளவுக்குக் குறையும். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் குழைந்து கரையும். சேமியாவும் ஜவ்வரிசியும் பாலை உறிஞ்சுவதால் பாயசம் கேசரிப் பதத்துக்கு வந்துவிடும். பீன்ஸ் பொரியலைச் சூட்டோடு மூடி வைத்தால் பச்சை நிறம் மங்கும். அதில் பிசிறிய தேங்காய் கோடை வெப்பத்தில் விரைவில் ஊசும்.

ஆகவே, இறக்கிய சூட்டிலேயே உண்டுவிட்டு முடிவு சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சாம்பிள் நாளில் ஒவ்வொரு பதார்த்தத்திலும் பாதியை எடுத்து, மூடியுள்ள தூக்கில் போட்டுத் தனியே வைக்கச் சொல்லுங்கள். முதலில் சூடாக ஒரு முறை ருசி பாருங்கள். இலைக் கணக்கு, பணக் கணக்கு எல்லாம் பேசி முடித்து, மூன்று மணி நேரம் கழித்துத் தூக்கைத் திறந்து மறுபடியும் ருசி பாருங்கள். எந்தப் பதார்த்தம் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும். தாங்காததை நீக்கிவிட வேண்டும் என்பதில்லை. சேமியாப் பாயசத்துக்குப் பதிலாகப் பருப்புப் பாயசம் வைக்கலாம். அது கெட்டியானாலும் தேங்காய்ப்பால் விட்டுத் தளர்த்தினால் ருசி அவ்வளவாகக் கெடாது. பொரியலையும் சாம்பாரையும் மொத்தமாக ஒரே முறையில் சமைத்துவிடாமல், முதல் இரண்டு பந்திக்கு ஒரு முறையும் அடுத்த இரண்டு பந்திக்கு ஒரு முறையும் இறக்கச் சொல்லலாம். வடையைப் பந்திக்குப் பந்தி சுட்டுப் போட ஒரு எண்ணெய்ச் சட்டியும் ஒரு ஆளும் தனியாக வேண்டும் என்று அங்கேயே பேசிவிடலாம். நம் ஊர்ப்பக்கம் வரவேற்பு விருந்தில் இப்போது கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைக்க ஆசைப்படுகிறார்கள். களி உருண்டை ஆறினால் மேலே தோல் போல் காய்ந்துவிடும் என்பதால், அதைச் சிறு சிறு அளவாகக் கிண்டித் தருவதற்கு ஆள் இருந்தால் மட்டுமே அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது தவறு, எந்தத் தண்ணீரில் சமைத்தார்கள் என்று கேட்காமல் விடுவது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. கேட்டரிங்காரர் தம் சமையற்கூடத்தில் காவிரித் தண்ணீரில் சாம்பிள் செய்திருக்கலாம். மண்டபத்திலோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரலாம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடிப்பதால், துவரம் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாமல் அடியில் தங்கும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். நேரமாகிறதே என்று மாஸ்டர் ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டால் பருப்பு வெந்துவிடும், ஆனால் சாம்பாரின் நிறம் மங்கி, நாக்கில் சோப்பு போன்ற ஒரு பின்சுவை நிற்கும். காபியின் ருசியும் தண்ணீரைப் பொறுத்து மாறும். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மண்டபத்துக் குழாயிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பருப்பையாவது அந்தத் தண்ணீரில் வேகவைத்துக் காட்டச் சொல்வது மிகையான கோரிக்கை அல்ல. பருப்பு மசியவில்லை என்றால், சமையலுக்கு லாரித் தண்ணீர் யார் செலவில் வரும் என்பதை அன்றே முடிவு செய்துகொள்ளலாம்.

சமைப்பவர் யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வியே. பெரிய முகூர்த்த நாளில் ஒரே கேட்டரிங்காரர் இரண்டு மூன்று கல்யாணங்களை எடுத்திருப்பார். சாம்பிள் செய்த மாஸ்டர் ஓசூர் மண்டபத்துக்கும், வேறொருவர் நம் மண்டபத்துக்கும் போகலாம். பெரிய அண்டாவில் சமைக்கும் கை தனி. பத்துப் பேருக்கான அளவை எண்பதால் பெருக்கினால் எண்ணூறு பேருக்கான அளவு வந்துவிடாது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக வற்றும், அண்டாவில் அந்த வேகத்தில் வற்றாது, காரமும் உப்பும் அதே விகிதத்தில் ஏறாது. அதனால் சாம்பிளைவிட மேலான சோதனை ஒன்று உண்டு. அந்த மாஸ்டர் வேறொரு கல்யாணத்தில் சமைக்கும் நாளைக் கேட்டறிந்து, கேட்டரிங்காரர் மூலமாக அந்த வீட்டாரின் ஒப்புதலையும் பெற்று, இரண்டு பேர் மட்டும் கடைசிப் பந்தியில் போய் உட்காருங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து என்ன ருசித்தாலும் அதில் நாம் அறிய வேண்டியது பாதிதான் இருக்கும். அந்த இலையில் இல்லாத பதார்த்தங்களுக்கு மட்டும் தனியே சாம்பிள் கேட்டால் போதும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் ருசி பார்ப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது. அவர்கள் தூக்கில் வைத்துப் பார்க்கும் சோதனையையாவது கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது தவறு, பதார்த்தங்களை எண்ணுவதும் அளவைக் கேட்காமல் விடுவதும். இலையில் இருபது வகை என்று கேட்கும்போது பெருமையாக இருக்கும். விலை மாறாமல் வகை மட்டும் கூடினால் ஒவ்வொன்றின் அளவும் குறையும் என்பதை யாரும் சொல்வதில்லை. சாம்பிள் நாளில் மண்டபத்தில் பரிமாறப் பயன்படுத்தும் அதே கரண்டியை எடுத்துவரச் சொல்லி, அதில் தண்ணீர் மொண்டு அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். சாம்பார்க் கரண்டி 100 மில்லி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறையும் மறுமுறையுமாக ஒருவருக்கு 200 மில்லி வேண்டும். 800 இலைக்கு 160 லிட்டர். கேட்டரிங்காரரின் பட்டியலில் சாம்பார் 100 லிட்டர் என்று இருந்தால் ஒருவருக்கு 125 மில்லிதான் வரும், அதாவது ஒன்றேகால் கரண்டி. மறுமுறை கேட்பவருக்கு என்ன நடக்கும் என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடுகிறது. அதே போல, ஆளுக்கு 25 கிராம் என்று கொண்டால் சாம்பாருக்குத் துவரம் பருப்பு 20 கிலோ ஆகும். வெள்ளைச் சாதம் முதன்மையான விருந்தில் அரிசி 90 கிலோ வரை வேண்டியிருக்கும். பிரியாணியோ பிசிபேளா பாத்தோ உடன் இருந்தால் இந்த அளவைத் தயங்காமல் குறைக்கலாம். பொரியல் ஆளுக்கு 50 கிராம் விழுந்தால் நிறைவாக இருக்கும். அந்த அளவில் இரண்டு பொரியலும் ஒரு கூட்டும் போடுவது, இரண்டு விரல் அளவாக நான்கு பொரியல் போடுவதைவிட நன்று. வடை, இனிப்பு ஆகியவற்றின் அளவை எண்ணிக்கையால் மட்டும் பேசாமல், சாம்பிளில் வந்த ஒன்றைத் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாருடைய நாவையும் திருப்திப்படுத்த முயல்வதும் ஒரு தவறுதான். பதினைந்து பேர் போனால் பதினைந்து திருத்தம் வரும், மாஸ்டர் ஒன்றையும் மனத்தில் கொள்ளமாட்டார். இரு வீட்டிலும் இரண்டிரண்டு பேர், காரம் தாங்காத முதியவர் ஒருவர், ஒரு குழந்தை என்று போனால் போதும். ஓசூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டாருக்குச் சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பும் இலையில் ஒப்பட்டும் பழக்கமாக இருக்கலாம். பாலக்கோட்டு வீட்டார் அந்த இனிப்பை ஏற்க மாட்டார்கள். இதை ஒரு சாம்பாரில் சமரசம் செய்ய முயன்றால் இருவருக்கும் பிடிக்காது. சாம்பாரை ஒரு பக்கத்து முறையிலும் இனிப்பை மற்றப் பக்கத்து முறையிலும் வைத்துவிடுவது எளிது.

ருசி பார்க்கும் நாள் கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பாக இருக்கட்டும். தை மாதத்தில் ருசித்த மாங்காய்ப் பச்சடியின் காய் வேறு, வைகாசியில் சந்தைக்கு வரும் காய் வேறு. தக்காளியின் விலையும் ராயக்கோட்டைச் சந்தையில் சில வாரங்களிலேயே ஏறி இறங்கும். விலை ஏறியபோது ரசத்தில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுவார்கள். அரிசி பழையதா புதியதா என்பதையும் கேளுங்கள். புது அரிசிச் சாதம் அண்டாவில் ஒட்டிக் குழையும்.

பேசி முடித்ததைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பதார்த்தத்தின் பெயரோடு அளவு, அரிசியும் எண்ணெயும் எந்த வகை, சாம்பார் எத்தனை முறை இறக்கப்படும், மண்டபத்துக்கு வரும் மாஸ்டர் யார், தண்ணீர்ச் செலவு யாருடையது ஆகியவை அதில் இருக்கட்டும். சாம்பிளுக்குப் பயன்படுத்திய அரிசியில் ஒரு கைப்பிடியை உறையில் போட்டு அந்தத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மண்டபத்தில் இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இலை எண்ணும் முறையையும் அங்கேயே எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு பந்திக்கும் நம் வீட்டார் ஒருவரும் கேட்டரிங்காரரின் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி, அந்தப் பந்தி எழுந்தவுடனே தொகையைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும்; பரிமாறுபவர்களும் மேளக்காரர்களும் உண்ணும் இலைகள் கணக்கில் சேருமா சேராதா என்பதும், பேசிய குறைந்தபட்ச இலைக்குக் கீழே வந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.