ரெப்போ ஏறினால் உங்கள் வீட்டுக்கடனில் எது நகரும்: தவணையா, வருடங்களா?

வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வங்கிக் கடனில் ஃப்ளாட் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். அவர்களில் ஒருவர், மணலியில் ஃபிட்டராக இருப்பவர், என்னிடம் சொன்னார்: “அண்ணே, வட்டி ஏறிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. ஆனா தவணை பழையபடியேதான் போகுது. நமக்கு ஒண்ணும் பாதிப்பில்ல போல.”

“தம்பி, மீதி எத்தனை தவணைன்னு ஸ்டேட்மென்ட்ல பார்த்தீங்களா?” என்று கேட்டேன். அவர் பார்க்கவில்லை. வட்டி உயர்வு பெரும்பாலும் ஒளிந்திருப்பது அந்த இடத்தில்தான். அதைக் கண்டுபிடிக்கவும், வங்கியிடம் என்ன கேட்கவேண்டும் என்று முடிவு செய்யவும் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள்

கடன் ஒப்புதல் கடிதத்தை எடுங்கள். வட்டி என்ற வரியில் “ரெப்போ + இவ்வளவு சதவீதம்” என்று இருந்தால் அது ஃப்ளோட்டிங், அதாவது மாறும் வட்டி. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை இப்படி வெளியில் தெரியும் ஓர் அளவோடுதான் இணைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். அதனால் கடன் கொடுத்தது வங்கியா, நிறுவனமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஸட் என்று போட்டிருந்தால், எத்தனை வருடத்துக்கு ஃபிக்ஸட் என்று தேடுங்கள். முதல் இரண்டு, மூன்று அல்லது ஐந்து வருடம் மட்டும் நிலையாக இருந்து, பிறகு மாறும் வட்டிக்குப் போகும் கடன்களும் இதே பெயரில் விற்கப்படுகின்றன.

படி 2: ஒரு மாத வட்டியைக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 38 வயதுக்காரர் ஒருவர் 2021 மே மாதம் 25 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். 20 வருடம், அதாவது 240 தவணை. அப்போது ரெப்போ 4 சதவீதம். வங்கி அதன்மேல் 3 சேர்க்கிறது. வட்டி 7 சதவீதம். மாதத் தவணை 19,382 ரூபாய். கடன் முடியும்போது அவருக்கு 58 வயது.

ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 24,40,500. இப்போது அந்தப் பெருக்கல்:

```
அசல் பாக்கி × வட்டி சதவீதம் ÷ 1200 = ஒரு மாத வட்டி
2440500 × 7 ÷ 1200 = 14236
```

19,382 ரூபாய் தவணையில் 14,236 வட்டிக்குப் போகிறது. மீதி 5,146 ரூபாய்தான் அசலைக் கரைக்கிறது. கடன் எப்போது முடியும் என்பதை முடிவு செய்வது இந்தச் சிறிய தொகை.

வட்டி அரை சதவீதம் ஏறி 7.5 ஆனால், மாத வட்டி 15,253 ஆகிறது. தவணையை மாற்றாமல் விட்டால் அசலுக்குப் போவது 4,129. தவணையோடு ஒப்பிட்டால் கூடுதல் வட்டி சுமார் ஆயிரம் ரூபாய் மட்டுமே. ஆனால் அசலைக் கரைக்கும் பங்கில் ஐந்தில் ஒன்று போய்விட்டது. கடன் வாங்கிய முதல் வருடங்களில் வட்டி ஏறினால் இவ்வளவு வலிப்பதற்குக் காரணம் இதுதான். கடைசி வருடங்களில் அசல் பாக்கி குறைந்திருக்கும். அப்போது அதே அரை சதவீதம் பெரிதாகத் தெரியாது.

படி 3: இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மீதி 228 தவணை. வட்டி 7.5. முதல் வழி: தவணை அப்படியே 19,382. அப்போது கடன் முடிய 248 மாதம் ஆகும், 20 மாதம் அதிகம். அந்த 20 தவணையைக் கூட்டினால் 3.9 லட்சம் ரூபாய் வரும். அதோடு, 58 வயதில் வேலை முடிந்த பிறகு அவற்றைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வழி: 228 மாதத்தை மாற்றாமல் தவணையை உயர்த்துவது. புதிய தவணை 20,112, மாதம் 730 ரூபாய் கூடுதல். 228 மாதத்துக்கும் சேர்த்து 1.66 லட்சம். மாதம் 730 ரூபாய் தாங்க முடிந்தவர் இந்த வழியைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வங்கி தானாகப் பெரும்பாலும் செய்வது முதல் வழியைத்தான். தவணை மாறாததால் நாமும் கேள்வி கேட்பதில்லை.

உங்கள் கடனுக்கு இதைப் போட்டுப் பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இரண்டு வரி போதும். முதல் வரி மீதி மாதங்களைச் சொல்லும், இரண்டாவது புதிய தவணையைச் சொல்லும்.

```
=NPER(7.5%/12, -19382, 2440500)
=PMT(7.5%/12, 228, -2440500)
```

படி 4: பெரிய உயர்வு வந்தால்

2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 4-லிருந்து 4.40 ஆக்கியது. அங்கிருந்து மேலும் ஐந்து தடவை ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.50-க்குக் கொண்டுவந்தது. நம் உதாரணக்காரரின் வட்டி 9.5 சதவீதம். உண்மையில் படிப்படியாகத்தான் ஏறியது. கணக்கு எளிதாக இருக்க, 24,40,500 பாக்கி இருக்கும்போது மொத்தமாக ஏறியதாக வைத்துக்கொள்வோம்.

24,40,500 × 9.5 ÷ 1200 என்று போட்டால் மாத வட்டி 19,321. தவணையோ 19,382. அசலுக்குப் போவது 61 ரூபாய்! இந்த வேகத்தில் கடன் முடிய அறுபது வருடம் ஆகும். எக்செலில் NPER போட்டு எண்ணுக்குப் பதில் பிழை வந்தால், உங்கள் தவணை வட்டிக்கே போதவில்லை என்று அர்த்தம். அதாவது மாதாமாதம் கட்டியும் கடன் வளரும். வருடங்களை நீட்டுவதால் கடன் இப்படி வளரும் நிலை வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்கியவரின் வயதுக்கும் மொத்தக் காலத்துக்கும் வங்கிகள் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைத் தொட்டதும் தவணையை உயர்த்தச் சொல்வார்கள்.

228 மாதத்துக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் தவணை 23,157 ஆகும். ஒரே அடியாக 3,775 ரூபாய் பல குடும்பங்களால் முடியாது. அப்போது நடுவழி இருக்கிறது. தவணையை 22,000 ஆக்கினால் கடன் 267 மாதத்தில் முடியும், 39 மாதம் அதிகம். வேறு எங்காவது சேமிப்பு இருந்து 2 லட்சம் ரூபாயை அசலில் கட்டினால், 228 மாதம் மாறாமல் தவணை 21,259-க்கு இறங்கும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்ற விதி 2012-லிருந்தே இருக்கிறது. ஃபிக்ஸட் கடனில் முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இருக்கலாம், ஒப்பந்தத்தில் பாருங்கள்.

படி 5: வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்

2023 ஆகஸ்ட் 18 அன்று வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை கடன் வாங்கியவர் கையில் ஒரு பிடியைக் கொடுத்தது. வட்டி திருத்தப்படும்போது, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று உங்களைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். இதுவரை கட்டிய அசலும் வட்டியும், மீதித் தவணை எத்தனை, ஆண்டு வட்டி எவ்வளவு என்ற விவரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கிளைக்குப் போகும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். கடன் எண்ணைப் போட்டு, “காலத்தை நீட்டாமல் தவணையை இவ்வளவாக உயர்த்தவும், திருத்திய தவணை அட்டவணையைத் தரவும்” என்று எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்க நீங்கள் கையெழுத்திட்ட மேண்டேட்டில் ஓர் உச்சவரம்பு இருக்கும். புதிய தவணை அதைத் தாண்டினால் பணம் எடுக்கப்படாமல் பவுன்ஸ் ஆகும். வரம்பைக் கேட்டு, தேவையானால் அதே நாளில் புதிய மேண்டேட் கொடுத்துவிடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாகப் புகார் கொடுக்கலாம்.

அப்படியானால் ஃபிக்ஸட் எடுத்திருக்கலாமோ?

2021-லேயே நம் ஆளுக்கு 20 வருடத்துக்கும் 8.5 சதவீதம் என்று ஓர் உண்மையான ஃபிக்ஸட் கடன் கிடைத்ததாக வைப்போம். ஃபிக்ஸட் வட்டி பொதுவாக மாறும் வட்டியைவிட அதிகமாகத்தான் இருக்கும். தவணை 21,696. முதல் நாளிலிருந்தே மாதம் 2,314 ரூபாய் அதிகம்.

மாறும் வட்டி 8.5-ஐத் தாண்ட வேண்டுமானால் ரெப்போ 5.50-ஐத் தாண்ட வேண்டும். அது 2022 செப்டம்பர் 30 அன்று 5.90 ஆனபோது நடந்தது. மீண்டும் 5.50-க்கு இறங்கியது 2025 ஜூனில். வங்கியின் மூன்று மாதத் தாமதத்தை விட்டுவிட்டால், ஃபிக்ஸட் எடுத்தவர் மலிவாகக் கட்டியது இடைப்பட்ட மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம். அப்போதும் வித்தியாசம் அதிகபட்சம் 1 சதவீதம். அதற்கு முன்பு, 2022 மே வரை ஒரு வருடம் அவர் 1.5 சதவீதம் அதிகம் கொடுத்திருந்தார்.

இதைப் பார்க்கும்போது, இடையில் பணம் வந்தால் அசலில் கட்டக்கூடியவர், தவணையைக் கொஞ்சம் உயர்த்த இடம் உள்ளவர் மாறும் வட்டியை எடுக்கலாம் என்பேன். சம்பளம் முழுவதும் தவணையிலும் பள்ளிக் கட்டணத்திலும் போய்விடும், ஆயிரம் ரூபாய் கூடினாலும் தடுமாறும் என்ற வீட்டில் ஃபிக்ஸட் நியாயமான தேர்வு. ஆனால் வட்டி உச்சத்தில் இருக்கும்போது பயந்து ஃபிக்ஸட்டுக்கு மாறாதீர்கள். அந்த உச்ச வட்டியைத்தான் நிரந்தரமாக்கிக்கொள்வீர்கள்.

வட்டி இறங்கும்போது

2025-ல் ரெப்போ 6.50-லிருந்து படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. உயர்வின்போது தவணையைக் கூட்டியவர்கள் அதைக் குறைக்கச் சொல்லாமல் விட்டால், இம்முறை அசலுக்குப் போகும் பங்கு வளரும், மாதங்கள் சுருங்கும். காலத்தை நீட்ட விட்டவர்களும் தவணையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம்; உயர்வின்போது கூடிய மாதங்களில் ஒரு பகுதி குறையும். உங்கள் கடனில் அடுத்த வட்டித் திருத்தத் தேதி எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் ஸ்டேட்மென்ட் எடுத்து மீதித் தவணை எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால், திருத்தம் உங்கள் கணக்கில் ஏறியதா என்று கிளையில் கேளுங்கள்.