'ராமேண', 'மயா' என்று வரும் வாக்கியங்களைத் தமிழாக்குவது எப்படி?

சமஸ்கிருதம் படிக்கத் தொடங்கியவர்கள் மூன்றாம் வேற்றுமையைக் கண்டவுடன் 'ஆல்' என்று எழுதிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் பல பக்கங்களைக் கெடுத்திருக்கிறேன். 'ராமேண பாணேன ஹதோ வாலீ' என்ற பழைய எடுத்துக்காட்டை வைத்து, தவறு எங்கே நேர்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் வினையோடு இயையும் முதல் வேற்றுமைச் சொல்லைத் தேடுங்கள். இங்கே 'ஹதோ' (கொல்லப்பட்ட) என்பது ஆண்பால் ஒருமையில் 'வாலீ'யோடு ஒத்துப்போகிறது. எனவே கொல்லப்பட்டவன் வாலி. இது கர்மணி பிரயோகம், அதாவது செயப்பாட்டுவினை.

அடுத்து மூன்றாம் வேற்றுமைச் சொற்களைப் பிரித்தறியுங்கள். ராமேண, பாணேன என இரண்டு இருக்கின்றன. செய்பவனுக்கும் கருவிக்கும் ஒரே வேற்றுமை வரும் என்று பாணினி விதித்திருப்பதால் (2.3.18) உருபு நமக்கு உதவாது, பொருளை நோக்கி, இராமன் செய்பவன், அம்பு கருவி என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்போது செய்பவனை எழுவாயாக்குங்கள். 'வாலி இராமனால் அம்பால் கொல்லப்பட்டான்' என்பது பிழையன்று, ஆனால் இரண்டு 'ஆல்' அடுத்தடுத்து வந்து காதை உறுத்துகிறது. 'வாலியை இராமன் அம்பால் கொன்றான்' என்றால் இயல்பாக இருக்கிறது. வாலியை முன்னே வைத்ததால், பேச்சு அவனைப் பற்றியது என்பதும் காக்கப்படுகிறது. செய்பவர் யாரென்று மூலம் சொல்லாதபோது மட்டும் 'படு' சேர்ப்பதே என் வழக்கம்.

முதல் வேற்றுமைச் சொல்லே இல்லாவிட்டால், அது பாவே பிரயோகம். செயப்படுபொருள் குன்றிய வினைகளில் இது வரும். வினை எப்போதும் படர்க்கை ஒருமையிலேயே நிற்கும். 'பாலகைர் ஹஸ்யதே' என்பதில் சிரிப்பவர் பலர், வினையோ ஒருமை. தமிழில் வினைமுற்றின் விகுதியைச் செய்பவரிடமிருந்தே எடுக்க வேண்டும் என்பதால், 'சிறுவர்கள் சிரிக்கிறார்கள்' என்று எழுதுகிறோம். 'சிறுவர்களால் சிரிக்கப்படுகிறது' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை.

எதிர்மறையில்தான் பெரிய சிக்கல். 'மயா ந ஸுப்யதே' என்பதைப் பார்த்ததும் 'என்னால் தூங்க முடியவில்லை' என்று கை தானாக எழுதிவிடும், ஏனென்றால் தமிழில் 'என்னால்' என்பது இயலுமை, இயலாமையைச் சொல்லவே பெரிதும் பயன்படுகிறது. மூலத்தில் இயலாமை இல்லை; 'நான் தூங்கவில்லை' என்பதே பொருள். இயலாமையைச் சொல்ல வேண்டுமானால் 'மயா ஸ்வப்தும் ந ஶக்யதே' என்று, முடிதலைக் குறிக்கும் வினை வெளிப்படையாக வந்திருக்கும். மொழிபெயர்ப்பில் 'முடி' என்று எழுதியிருந்தால், மூலத்தில் 'ஶக்' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இடம் நோக்கி வேறு சான்று இல்லாவிட்டால் 'முடி'யை நீக்கிவிடுங்கள்.

'வேண்டும்' என்ற பொருள் தரும் 'தவ்ய' விகுதியும் இப்படியே. 'த்வயா அத்ர ஸ்தாதவ்யம்' என்பது 'நீ இங்கே இருக்க வேண்டும்' என்றாகும். 'உன்னால்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.