எதை முதலில் ஓட்டுவது?

மெஷின் நேரம் போதாதபோது, ஒரு பொருளுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒரு மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். விலையில், செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும் செலவை மட்டும் கழித்தால் வருவது பங்களிப்பு. வாடகையைக் கழிக்க வேண்டாம், எதை ஓட்டினாலும் அது மாறாது.

கதவுக்குப் பங்களிப்பு 300, மெஷினில் 3 மணி. ஜன்னலுக்கு 200, 1 மணி. கதவுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் மணிக்குக் கதவு 100, ஜன்னல் 200.

கையில் 600 மணி. ஆர்டர் 200 கதவு, 300 ஜன்னல். கதவை முதலில் எடுத்தால் நேரம் முழுக்கத் தீர்ந்து 60,000தான். ஜன்னலை முடித்துவிட்டு, மீதி 300 மணியில் 100 கதவு செய்தால் 90,000!

மெஷினோடு மரமும் தட்டுப்பாடு என்றால் இந்த வரிசை செல்லாது. அப்போது எல்லாத் தட்டுப்பாட்டையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் லீனியர் புரோகிராமிங்தான் சரி.