செங்கல் வாங்கும் முன் ஓர் எடைச் சோதனை

ஆர்டரை உறுதிசெய்யும் முன் அடுக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு செங்கற்களை வாங்கி வந்து, உலர்ந்த நிலையில் எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து, ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடைபோடுங்கள். 2.5 கிலோ கல் 2.9 கிலோ ஆனால் உறிஞ்சல் 16 விழுக்காடு; 20ஐத் தாண்டினால் நான் வாங்கமாட்டேன். சரியாக வேகாத கல்லில் நுண்துளை அதிகம். அது சாந்தின் நீரை இழுத்துக்கொள்வதால் பிடிப்பு குறையும். இரண்டு கற்களை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அளவுக்கு, 24 கற்களை நீளவாக்கில் ஒட்டி அடுக்குங்கள். 215 மில்லிமீட்டர் கல்லென்றால் மொத்தம் 5.16 மீட்டருக்கு அருகில் வரும்.

பினாங்கு மழையில் திறந்தவெளியில் கிடந்த கல் ஏற்கெனவே நீர் குடித்திருக்கும். முழுக்க உலர்த்தாமல் சோதித்தால் மட்டமான கல்லும் தேறிவிடும். சிமெண்டு கற்களுக்கு ஒலிச் சோதனை பொருந்தாது. பாரம் தாங்கும் சுவர் என்றால் ஆய்வக அழுத்தச் சோதனைதான் வழி.