சோலார் குக்கரில் சோறு: கண்ணாடியின் பரப்பை அப்படியே கணக்கில் சேர்க்காதீர்கள்

எங்கள் தெரு அத்தை ஒருத்தர் போன சித்திரையில் பெட்டி வகை சோலார் குக்கர் வாங்கினார். மொட்டை மாடியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பெட்டி வாய் ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம் மேல, மூடியில இருக்கிற கண்ணாடியும் அதே அளவு. அப்ப ரெட்டை வெயில் உள்ள விழுது. அரை மணியில சோறு ஆயிடணும்தானே தம்பி? ஒரு மணி நேரமா உலையே கொதிக்கலையே!"

குக்கரில் பழுது எதுவும் இல்லை. தவறு கணக்கில்தான். சூரிய அடுப்பு வாங்குகிறவர்களும், பள்ளிக் கண்காட்சிக்குச் செய்கிற பிள்ளைகளும் பெரும்பாலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பெட்டியின் வாய் 50 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 0.25 சதுர மீட்டர். மேல்மூடியின் உள்பக்கம் இருந்து வெயிலைப் பெட்டிக்குள் திருப்பிவிடும் கண்ணாடியும் அவ்வளவே. இரண்டும் சேர்ந்து அரை சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்றால் மொத்தம் 450 வாட். இதை வைத்து அரைக் கிலோ அரிசிக்குக் கணக்குப் போட்டால் 18 நிமிடத்தில் உலை கொதிக்க வேண்டும். அத்தை எதிர்பார்த்தது ஏறக்குறைய அதைத்தான்.

முதல் பிழை கண்ணாடியின் பரப்பில் இருக்கிறது. கண்ணாடி எவ்வளவு பெரியது என்பதைவிட, வெயிலை எவ்வளவு மறிக்கிறது என்பதே கணக்குக்கு வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினால் அது ஒரு துளி வெயிலையும் பிடிக்காது. வெயில் அதன் விளிம்பை ஒட்டியே இறங்கிவிடும். பின்னால் சாய்க்கச் சாய்க்கக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நிமிர்ந்த நிலையிலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்த்தால், மேல் விளிம்பில் பட்ட வெளிச்சம் பெட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் தரையில் விழும். ஆகவே உச்சி வெயிலுக்கு 30 டிகிரிதான் எல்லை. அந்த நிலையில், பெட்டி வாய் அளவே உள்ள கண்ணாடி தன் பரப்பில் சரிபாதியைத்தான் மறிக்கிறது.

இதைச் சூத்திரம் இல்லாமலே அத்தைக்குக் காட்ட முடிந்தது. பன்னிரண்டேகால் மணிக்குப் பெட்டிக்குப் பின்னால் தளத்தில் விழுந்த கண்ணாடியின் நிழலை ஸ்கேலால் அளந்தோம். நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 25. வெயிலைப் பொறுத்தவரை கண்ணாடியின் உண்மையான அளவு அந்த நிழல்தான். மற்ற நேரங்களில் சூரியன் சாய்ந்திருக்கும், தளத்து நிழல் நீண்டு ஏமாற்றும். அப்போது ஓர் அட்டையை வெயிலுக்கு நேர் எதிரே பிடித்து அதில் விழும் நிழலை அளக்க வேண்டும்.

இரண்டாவது பிழை, எல்லா வெயிலையும் ஒன்றாக எண்ணுவது. 900 வாட் என்று சொல்லும்போது அதில் சூரியனிலிருந்து நேராக வருவது ஒரு பங்கு, வானம் முழுக்கச் சிதறி வருவது இன்னொரு பங்கு. கடலோரத்து ஈரக்காற்றும் தூசியும் சிதறலைக் கூட்டும். பெட்டியின் வாய் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியால் திருப்பிவிட முடிவது நேர்க்கதிரை மட்டும்தான். நேர்க்கதிர் 700 என்று வைத்துக்கொண்டு அத்தையின் குக்கருக்குக் கணக்குப் போடுவோம்.

வாய் வழியாக 900 × 0.25 = 225 வாட். பெட்டி வாயின் மேல் இருக்கும் இரட்டைக் கண்ணாடி மூடி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கும், பெட்டிக்குள் இருக்கும் கறுப்புத் தட்டு கொஞ்சத்தைத் திருப்பியனுப்பும். மிஞ்சுவது சுமார் 162 வாட். பிரதிபலிக்கும் கண்ணாடி மறிப்பது 700 × 0.125, அதாவது 87 வாட்தான். ரசம் பூசிய பரப்பு அதில் ஐந்தில் நான்கைத் திருப்பும். அந்த ஒளி மூடியின் மேல் ரொம்பச் சாய்வாக வந்து விழுவதால் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு வழுக்கிப் போய்விடும். தட்டு திருப்பியனுப்புவதும் போகக் கடைசியில் மிஞ்சுவது 42 வாட். ஆக மொத்தம் 204. 450 என்று நினைத்த இடத்தில் பாதிகூட இல்லை.

இந்த 204-ம் சோற்றுக்கு முழுசாகப் போவதில்லை. மூன்றாவது பிழை இங்கேதான் இருக்கிறது, பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். பெட்டி சூடாக ஆக, வெளியே கசியும் வெப்பமும் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு கசிகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பாத்திரம் வைக்காமல், பிரதிபலிக்கும் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மறைத்து, நல்ல வெயிலில் காலிப் பெட்டியை விட்டுவிடுங்கள். தட்டைத் தொடும்படி ஒரு வெப்பமானியை உள்ளே வையுங்கள். சூடு ஏறி ஓரிடத்தில் நிற்கும். அத்தையின் பெட்டியில் 143 டிகிரியில் நின்றது, வெளியே 35. வித்தியாசம் 108. அந்த நிலையில் உள்ளே வருகிற 162 வாட்டும் அப்படியே வெளியே போகிறது என்று பொருள். ஆக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.5 வாட் கசிகிறது. அந்த 108-ஐ 900-ஆல் வகுத்தால் 0.12. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் முதல் தரப் பெட்டிக்குக் கேட்கும் குறைந்தபட்ச எண் அதுதான். அவர் வாங்கியது நல்ல பெட்டியே.

இப்போது உலை. அரைக் கிலோ அரிசி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், அலுமினியப் பாத்திரம், கூடவே சூடாக வேண்டிய தட்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டிகிரி ஏற்ற 7.5 கிலோஜூல் தேவை. 30 டிகிரியிலிருந்து 65 வரை கசிவு குறைவு, சராசரி 185 வாட் சோற்றுக்குக் கிடைக்கும், 24 நிமிடம் ஆகும். 65-லிருந்து 95 வரை கிடைப்பது 136 வாட்தான், 27 நிமிடம். கூட்டினால் 51 நிமிடம். தட்டு எப்போதும் தண்ணீரைவிடச் சூடாக இருப்பதால் கசிவு இன்னும் கொஞ்சம் கூடும். நடைமுறையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேக வேண்டும். பச்சரிசிக்கு 20 நிமிடம், புழுங்கலுக்கு 40 நிமிடம் போல. தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை, 90 டிகிரிக்கு மேல் நின்றாலே அரிசி பதமாகிவிடும். ஆக மொத்தம் ஒன்றரை மணிக்குப் பக்கம். முன்கூட்டியே காலிப் பெட்டியை அரை மணி நேரம் வெயிலில் காயவைத்து, அரிசியையும் ஒரு மணி நேரம் ஊறவைத்திருந்தால் கணிசமாகக் குறையும்.

தண்ணீர் விஷயத்தில் நம் டெல்டாக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. நமக்குச் சோறு என்றால் வடித்த சோறு. உலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, கஞ்சி வடித்துத்தான் பழக்கம். விறகுக்கும் கேஸுக்கும் அது சரி. இங்கே இரண்டரை லிட்டர் விட்டால் அதே 95 டிகிரிக்கு 51 நிமிடம் போய் 87 நிமிடம் ஆகும். வடிக்கப்போகிற தண்ணீரைச் சூடாக்கவே அந்தக் கூடுதல் அரை மணி நேரமும் செலவாகிறது. சோலார் குக்கரில் தண்ணீரை அளந்து விட்டுச் சுண்ட வைப்பதுதான் வழி. வடித்த சோறு வேண்டும் என்று அத்தை ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்தார். பொன்னிப் புழுங்கலை ஊறவைத்து ஒன்றுக்கு இரண்டரை என்று எடைக்கணக்கில் விட்ட அன்றுதான் சோறு ஒட்டாமல் உதிரியாக வந்தது, அவரும் ஒத்துக்கொண்டார்.

பாத்திர மூடியையும் கவனியுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் ஆவி வெளியேறும். ஐம்பது கிராம் தண்ணீர், அதாவது ஒரு சின்ன டம்ளரில் பாதி, ஆவியாகப் போனால் 113 கிலோஜூல் போய்விடும். கொதிநிலைக்குப் பக்கத்தில் நமக்கு மிஞ்சுவது நூற்றுச் சொச்சம் வாட்தான் என்பதால் அது 17 நிமிட வெயிலுக்குச் சமம். மேல்கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஆவி கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த நீர்த்துளிகள் உள்ளே வரும் வெயிலையும் சிதறடிக்கும். "வெந்துடுச்சா" என்று திறந்து பார்ப்பதும் இதே நஷ்டத்தில்தான் முடியும்.

பெட்டியை எந்தத் திசையில் வைப்பது? "தெற்குப் பார்த்து வை" என்று பொதுவாகச் சொல்வார்கள். வட இந்தியாவில் அது ஆண்டு முழுக்கப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் முடியும் வரை இங்கே நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஆடிப்பெருக்கன்று தெற்குப் பார்த்து வைத்தால் கண்ணாடி பிடிக்கிற வெயில் குறையும். மார்கழியில் தெற்கேதான், சூரியனும் நன்றாகச் சாய்ந்திருக்கும், கண்ணாடியை 7 டிகிரி போலச் சாய்த்தாலே போதும். அப்போது அது தன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கும். காலை பத்து மணிக்குக் கிழக்கு முகமாக, மார்கழியில் தென்கிழக்கு முகமாகத் தொடங்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும். இரட்டைக் கண்ணாடி மூடியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பாருங்கள். பிரதிபலித்த வெளிச்சம் எதிர் விளிம்பு வரை போய் அதைத் தாண்டாமல் நின்றால் சாய்வு சரி.

கடைசியாக, மேகம். வெயில் பாதியானால் நேரம் இரட்டிப்பாகும் என்று நினைப்பதும் தவறு. ஐப்பசி, கார்த்திகையில் மெல்லிய மேகம் மூடிய நாளில் மொத்தம் 500, நேர்க்கதிர் 150 என்று இருக்கலாம். கண்ணாடி கொடுப்பது 9 வாட், வாய் கொடுப்பது 90. வெளியே 30 டிகிரி என்றால், கசிவும் வரவும் சமமாகி 96 டிகிரியில் எல்லாம் நின்றுவிடும். அந்த 96-ஐ நெருங்க நெருங்க ஏற்றம் நத்தை வேகத்துக்கு வந்துவிடும். 80 டிகிரியைத் தொடவே இரண்டு மணி நேரம் ஆகும், 95 என்பது அன்றைக்கு வராது. நடுவில் ஒரு மழை மேகம் கடந்தால் ஏறியதும் இறங்கும். இப்படி அரைவேக்காட்டில், இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும் அரிசியில் கிருமி பெருகும், சாப்பிடுவது ஆபத்து. அதனால் அத்தை வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பத்தரைக்கு உலை வைப்பது, பன்னிரண்டுக்குள் வெப்பமானி 80-ஐத் தாண்டவில்லையென்றால் பாத்திரத்தை அப்படியே எடுத்துக் கேஸ் அடுப்பில் ஏற்றிவிடுவது.